மயில் துண்டித்த லைன்

அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டரோடு போட்ட தொடர்பை மதுரையில் உட்கார்ந்தபடியே அறுக்கத் தெரிந்த மயில் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது கீழக்குயில்குடியில், ஜெயபாண்டி வீட்டு டெலிபோன் கம்பியில் குடியிருந்தது.

2002ஆம் வருஷம். சேலத்துப் புடவைக்கடை சாரதாம்பாளுக்கு வெப்சைட் செய்துதர ஒப்புக்கொண்டிருந்தான் ஜெயபாண்டி. தன் கம்ப்யூட்டரில் உள்ள புடவைப் படங்களை அமெரிக்க சர்வரோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாததை டெலிபோன் வழியாக ஏற்றிவிடும் ஒரு புரோகிராம் வைத்திருந்தான். மயில் கம்பியில் ஊஞ்சலாடினால் லைன் போய்விடும். பாதி ஏறிய படத்தை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். முருகன் வாகனத்தை விரட்ட ஊரார் விடவில்லை. மூன்று நாளாக அறையை விட்டு நகர முடியாமல் கிடந்தான்.

தாமதத்துக்குக் காரணம் காய்ச்சல் என்று சாரதாம்பாளுக்கு எழுதலாம். ஆனால் போன மாதமே எழுதியாயிற்று. வேறு வழியில்லாமல் உண்மையையே இமெயிலில் தட்டினான்: 'தாமதத்துக்கு மன்னிக்கவும் அம்மா. மயில் உட்கார்ந்து லைனைத் துண்டிக்கிறது.' இரண்டே வரி என்பதால் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"ஏன் தம்பி, அன்னைக்குக் காய்ச்சல், இன்னைக்கு மயிலா? அடுத்து யானை வருமா? சாயங்காலத்துக்குள்ள முடிக்கலேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்!"

"சத்தியமாம்மா, அம்புட்டும் நெசம். இந்தா, இப்பக்கூட வந்து உக்காருது…"

யானைமலை வரைக்கும் எட்டுகிற மாதிரி மயில் அகவியது. லைன் செத்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பத்து நிமிஷம் கழித்து மறுபடி மணி.

"தம்பி, எல்லாத்தையும் சி.டி.யில போட்டுக் கூரியர்ல அனுப்பிரு. இங்கருந்து ஏத்திக்கறோம்." சாரதாம்பாள் குரல் இறங்கியிருந்தது. "மயில்தான். என் காதாலயே கேட்டேன்."