உடைக்க முடியாத வடிவம்

எங்கள் பள்ளியின் கணித ஒலிம்பியாட் அணியைப் பதினோரு வருடம் நான்தான் தயார் செய்தேன். போன இலையுதிர் காலத்தில் தலைமையாசிரியர் பதினோராம் வகுப்பில் ஒரு பிரிவை ஒக்டாவியன் ப்ளேஷாவிடம் கொடுத்தார். முப்பத்திரண்டு வயது, யாஷி நகரத்திலிருந்து வந்தவன். இன்னொரு பிரிவு என்னிடம் இருந்தது. எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே மெல்லிய சுவர்தான். அவன் பாடம் நடத்தும்போது அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். கணித வகுப்பில் என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி ஒட்டுக் கேட்டேன். எல்லை மதிப்பு (limit) பாடத்தை விளையாட்டாக நடத்திக்கொண்டிருந்தான். அவன் ஒரு வடிவத்தை எழுதுவான், பிள்ளைகள் அதற்கு வேறு வேறு விடை வரவைத்து அதை உடைக்க வேண்டும். முடிவிலியோடு முடிவிலியைக் கூட்டினால் முடிவிலிதான், யாராலும் உடைக்க முடியவில்லை. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்கச் சொன்னதும் கூச்சல் கிளம்பியது. n முடிவில்லாமல் வளரும்போது, n+5-லிருந்து n போனால் ஐந்து, 2n-லிருந்து n போனால் முடிவிலி, n-லிருந்து 2n போனால் கழித்தல் முடிவிலி. ஆளுக்கொரு விடை வந்தால் அது தேறாத வடிவம் என்றான். நான் என் பிள்ளைகளுக்குத் தேறாத ஏழு வடிவங்களையும் மனப்பாடமாகக் கொடுத்திருந்தேன். அவர்கள் தூங்கிக்கொண்டே ஒப்பிப்பார்கள்.

ஜனவரியில் அணிக்கான தேர்வு நடந்தது. மூன்று பேருக்குத்தான் இடம். தாள் திருத்தும் வேலை எனக்கு வந்தது. பெயர்கள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரு தாளில் நான்காம் கணக்கைப் பார்த்ததுமே யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிட்டது. n முடிவிலிக்குப் போகும்போது 1/n-ஐ n அடுக்குக்கு உயர்த்தினால் எல்லை என்ன என்பது கேள்வி. விடைக்குறிப்பு மடக்கை எடுத்து அரைப் பக்கம் போட்டிருந்தது. இந்தத் தாளிலோ ஒரே வரி: ‘பூஜ்யத்தின் முடிவிலி அடுக்கு, இதை உடைக்க முடியாது, விடை பூஜ்யம்.’

சிவப்புப் பேனாவால் மூன்று மதிப்பெண்ணைக் கழித்தேன். ‘தேறாத வடிவம், செய்முறை இல்லை’ என்று ஓரத்தில் எழுதினேன். எழுதும்போது மனசுக்கு இதமாக இருந்ததை இப்போது மறைக்கப் போவதில்லை.

பெயர்களைப் பிரித்தபோது அது கேட்ரினெல் என்ற பெண். நான்காவது இடத்துக்கு இறங்கியிருந்தாள். மூன்றாவதாக வந்தவன் என் மாணவன் சில்வியு.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஒக்டாவியன் தாளோடு வந்தான். எனக்கும் சேர்த்துக் காபி கொண்டுவந்திருந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“மேடம், இது தேறாத வடிவம்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா பூஜ்யம் வராத மாதிரி ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க. நான் பேசாம போயிடறேன்.”

“குறிப்புல மடக்கை இருக்கு தம்பி. அவ ஒரு வரியில தாண்டிட்டுப் போனா நான் எப்படி மார்க் போடறது?”

“குறிப்பு ஒரு வழியைச் சொல்லுது, அவ்வளவுதான். நீங்க எழுதினது வேற.”

அடுத்த பாடவேளை முடிந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆளில்லாத இயற்பியல் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் சுலபமாக உடைந்தது. பூஜ்யத்தை முடிவிலியால் பெருக்கினால் எந்த எண்ணையும் கொண்டுவர முடிந்தது. 1/n-ஐ 7n-ஆல் பெருக்கினால் ஏழு. ஒன்றின் முடிவிலி அடுக்கும் அப்படித்தான் உடைந்தது. இது மட்டும் அசையவில்லை. அடியில் இருப்பது பூஜ்யத்தை நெருங்குகிறது என்றால் ஒரு கட்டத்துக்கு மேல் அது 1/2-க்கும் கீழே போய்விடும். 1/2-ஐத் தன்னோடே பெருக்கிக்கொண்டே போனாலே பூஜ்யத்துக்கு வந்துவிடும். இது அதைவிடச் சிறியது. மடக்கை எடுத்தும் பார்த்தேன்: முடிவிலியைக் கழித்தல் முடிவிலியால் பெருக்கினால் கழித்தல் முடிவிலி, அதாவது விடை பூஜ்யம்தான், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பத்தொன்பது வருட ஆசிரியர் வேலையில் நான் ஒப்பிக்க வைத்த ஏழு வடிவங்களில் இது கிடையாது. எனக்குத் தெரியாததா? தெரிந்தும் என் கை கழித்தது.

மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“வியோரிகா மேடம், திருத்தினது நீங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. நான் அவன்கிட்ட சொல்லிடறேன்” என்றார்.

ஒரு தலையசைப்பு போதும், சில்வியு அணியில் இருப்பான். ஆனால் தவறு என்னுடையது, மூன்று மதிப்பெண்ணையும் போட வேண்டும் என்றேன். அது நேர்மையா, ஒக்டாவியன் இதை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விடுவானோ என்ற பயமா, இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

ஒக்டாவியனிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் ஜெயித்த முகம் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “நன்றி மேடம்” என்றான், அவ்வளவுதான். கொஞ்சம் இளித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அணியில் இடம் போய்விட்டது என்று சில்வியுவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. “அவ எழுதினது சரியா டீச்சர்?” என்று கேட்டான். சரிதான் என்றேன். ஏன் சரி என்று கேட்டான். நான் பலகைக்குப் போய் அந்த வடிவத்தை எழுதிவிட்டு, உடைத்துக் காட்டு என்றேன்.