கண்ணாடி வீட்டுல இருக்கு

ரஞ்சிதா கெட்டிக்காரிதான். வினையே அதில்தான் வந்தது.

கீரமங்கலத்தில் நாகராசு நடத்தும் மோட்டார் கடையில், விவசாயிகளுக்குப் போன் போடுவது அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே போன் அடித்து வயல் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு கருவி. அதை விற்க வேண்டும். ஆட்கள் சொல்லும் மறுப்பை இடப்பக்கமும், தான் சொல்லும் பதிலை வலப்பக்கமுமாக நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"இதையே வீடியோவாப் பண்ணிடும்மா. யாரையும் குத்தாம, பக்குவமாப் பேசு," என்றார் நாகராசு.

பக்குவமாகத்தான் மாற்றினாள். 'சிக்னல் இல்லாத ஊரு எங்கங்க இருக்கு?' என்று போனில் மடக்குவதை, "நீங்க கேக்குறது நியாயந்தாங்க. சிக்னல் இல்லாதப்ப பழையபடி கையாலயே போட்டுக்கலாம்" என்று ஆக்கினாள். அடுத்த வரி, படிக்கச் சொன்னால் சிலர் சொல்லும் சாக்கு: 'கண்ணாடி வீட்டுல இருக்கு.' பக்கத்திலேயே, 'படிக்கத் தெரியாதவங்க' என்று குறித்திருந்தாள். அதற்குக் குரலை இன்னும் இறக்கிப் பேசினாள். பேசி முடித்ததும் தன் நல்ல மனசை நினைத்துத் தனக்கே ஒரு பெருமை வேறு!

வெள்ளிக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில் டிவியில் வீடியோவை ஓடவிட்டாள். வந்தவர்களுக்கு விளக்கத் தாளும் கொடுத்தாள். குழுத் தலைவி அழகி, பூக்கொல்லைக்காரி, தாளை வாங்கிப் பக்கத்திலிருந்த மூக்காயியிடம் தள்ளினாள்.

"கண்ணாடி வீட்டுல இருக்கு. நீயே வாசிடி."

ரஞ்சிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம், "அனுப்புனதைப் படிச்சுப் பாருங்கக்கா" என்றபோது போனில் இதைச் சொன்னவளே அழகிதான். அந்த வாய் வார்த்தைதான் நோட்டில் ஏறியது. பாவி, எப்படி மறந்தாள்? ரிமோட்டைத் தேடுவதற்குள் டிவியில் ரஞ்சிதாவின் முகமே கனிவாகப் பேசியது.

"கண்ணாடி வீட்டுல இருக்குன்னு சிலபேர் சொல்வாங்க. படிக்கத் தெரியாட்டி என்னங்க? அதுக்குப் போயி வெக்கப்படலாமா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எட்டு வருஷமாகத் தலைவியாக இருப்பவளை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அழகி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரஞ்சிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாளே அந்த வரியைத் தூக்கி எறிந்தாள். புது வீடியோவில் ஒரு கை போன் அடிக்கிறது, ஒன்றை அமுக்குகிறது, 'மோட்டார் ஓடுகிறது' என்று கருவி சொல்கிறது. அவ்வளவுதான்; அவள் பேச்சில்லை, எழுத்தில்லை. அதைப் போனில் எடுத்துக்கொண்டு அழகி வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, பெரிய தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. மாத்திட்டேன், நீங்க சரின்னு சொன்னாத்தான் வெளிய விடுவேன். ஒரு தடவை பாருங்கக்கா."

அழகி நிலைப்படியில் நின்றபடி, நீட்டிய போனைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"கண்ணாடி வீட்டுல இருக்குத்தா. அப்பறம் பாக்குறேன்."

அழகி நின்றது தன் வீட்டு வாசலில்தான். ரஞ்சிதா நீட்டிய போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"சரிங்கக்கா," என்று தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள்.