எந்தப் படிப்பு என்று சொல்லாத மின்னஞ்சல்

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களின் எஸ்.ஓ.பி. என்கிற நோக்கக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பதுதான் அந்த ஆலோசனை அலுவலகத்தில் அவள் வேலை. ஒரு காலை வந்த மின்னஞ்சலில் ஒரே வரி: வெளிநாட்டில் படிக்க எஸ்.ஓ.பி. வேண்டும். என்ன படிப்பு, யாருக்கு, இதுவரை என்ன படித்தவர், எத்தனை வார்த்தை, எதுவும் இல்லை.

சின்ன வயதுக் கனவு என்று தொடங்கும் பழைய மாதிரி ஒன்றைத் தட்டிவிடச் சொன்னார் மேலாளர். அவளுக்கு மனசு வரவில்லை. யாருக்கும் பொருந்துகிற கட்டுரையை யார் முழுசாகப் படிப்பார்கள்? அதைவிட, இப்படி ஒற்றை வரி எழுதுகிற ஆளைப் பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நேரில் வரச் சொல்லிப் பதில் போட்டாள்.

வந்தவர்கள் இரண்டு பேர். மின்னஞ்சல் அனுப்பியவர் அண்ணன். படிக்கப் போகிறவள் அவருடைய தங்கை, மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. கேட்டதற்கெல்லாம் அண்ணனே முந்திக்கொண்டார். எதில் சுலபமாக இடம் கிடைக்குமோ அதைப் போட்டால் போதுமாம். பி.ஃபார்ம் முடித்தவள் இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்துவிட்டாள், அதனால் பின்னணியை எழுதவில்லையாம். வார்த்தைக்கு வரம்பு உண்டென்பதே அவருக்குப் புதுச் செய்தி.

சான்றிதழ்களை நகலெடுத்து வர அண்ணனை அனுப்பிவிட்டு, தங்கையிடம் அவள் கேட்டாள்:

"வேலையில உங்களுக்குப் புரியாம உறுத்திக்கிட்டே இருக்கிறது ஏதாவது இருக்கா?"

"இருக்கு. காசு குடுத்து வாங்கிட்டுப் போற மாத்திரைய நிறையப் பேர் ஏன் முழுங்கறதில்ல?"

எப்போதிலிருந்து இந்த யோசனை என்று துருவினாள். அந்த இரண்டு வருடம்தான். அப்பா படுத்த படுக்கை. கூட இருந்து பார்த்துக்கொண்டவள் தங்கை. விழுங்கிவிட்டேன் என்று சொல்லி மாத்திரைகளைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தார். திட்டித் தீர்த்தபின் ஒருநாள் தங்கை அவரிடம் ஏன் என்று கேட்டாள். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்று பயமாம். மருத்துவரிடம் சொன்னதும் சிரப்பாக மாற்றிக் கொடுத்தார்.

"இத நீங்களே எழுதுங்க. நறுக்கித் தர நான் இருக்கேன்."

இருவருமாகத் தேடியதில், நோயாளிகள் மருந்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராயும் முதுநிலைப் படிப்பு இரண்டு பல்கலைக்கழகங்களில் அகப்பட்டது. ஒன்று ஐந்நூறு வார்த்தைக்குள் கேட்டது. மற்றொன்றுக்குக் கட்டுரையே வேண்டாம், தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் போதும். தங்கை எழுதிக்கொண்டு வந்தது நீளமாக, அப்பாவையே சுற்றிச் சுற்றி வந்தது. அதைக் குறைத்து, மருந்தகத்தில் பார்த்ததையும் அந்தப் படிப்பில் தேடப்போவதையும் சேர்க்கச் சொன்னாள்.

முடித்த பிரதியை அண்ணன் அங்கேயே நின்று வாசித்தார். நடுவில் நிறுத்தி, தங்கையைப் பார்த்தார்.

"அப்பா மாத்திரைய ஒளிச்சு வெச்சாரா? எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலயே அண்ணா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு ஒரு பல்கலைக்கழகம் கைவிரித்தது. இன்னொன்றில் இடம் கிடைத்தது.