அளவியின் ஐந்து படங்கள்

தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு எடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பினேன். பாலையூற்று வீட்டில் சாப்பிட்ட பலகாரம் இன்னும் தொண்டையில் இனித்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலை வாசலில் இருந்த அறிவித்தல் பலகை அதைக் கசப்பாக்கிவிட்டது.

"மேசை நான்கு, பல்கீஸ். கைச் சுத்தம் பேணாமையால் இறாலில் கிருமி கண்டறியப்பட்டுள்ளது. விசாரணை இன்று பத்து மணி. அதுவரை பணி இடைநிறுத்தம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்கீஸ் ராத்தா பதினொரு வருடமாக எங்கள் தொழிற்சாலையில் இறால் உரிக்கிறார். கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். குளோரின் தண்ணீரில் கையை முக்கி முக்கி அவருடைய விரல் நுனிகள் வெளுத்துப் போய்விட்டன. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நிற்கும் நான் ஒரு நாள் முழுக்கக் கழுவுவதை அவர் ஒரு மணித்தியாலத்தில் கழுவிவிடுவார். அந்தக் கைக்கா அழுக்குப் பட்டம்?

கை கழுவப்பட்டும் கிருமி போகவில்லையென்றால், கழுவிய தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். அந்தத் தண்ணீர் என்னுடைய பொறுப்பு. நான் நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

எங்களுக்குக் குளோரின் பீப்பாயில் வருகிறது. லேபிளில் பத்து வீதம் என்று இருக்கும். அந்தப் பத்தை நம்பித்தான் அளந்து தண்ணீரில் கலக்கிறோம். கலந்த தொட்டியைச் சோதிக்கும் காகிதக் கீலங்கள் தீர்ந்து இரண்டு கிழமை. இன்னும் வாங்கித் தரவில்லை. ஆகவே புதுப் பீப்பாய் திறக்கும்போது, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பலத்தை அளக்க நான் செய்யும் நியமிப்பு ஒன்றுதான் காவல். போன புதன்கிழமை ஒரு பீப்பாயை நியமித்தேன். நான்காவது முறை முடியும்போதே வீட்டிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. அளவியின் எண்ணைக் காட்டும் படங்களை உதவி ஆய்வாளர் பஹ்மிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, கணக்கைப் போட்டுத் தாளில் எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அது என் பிழைதான். ஒப்புக்கொள்கிறேன்.

தாளை எடுத்தேன். புதன்கிழமைக்கு நேரே பஹ்மியின் அழகான எழுத்து: 10.4 வீதம். திருப்தி.

திருப்தியா? ஒவ்வொரு முறையும் ஏழு மில்லிலீற்றருக்குச் சற்று மேலே போனதும் நிறம் மறைந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. பத்து வீதமென்றால் பதினான்குக்குப் போயிருக்க வேண்டும். போனைத் திறந்து ஐந்து படங்களையும் பார்த்து, கணக்கை இரண்டு தரம் போட்டேன். 5.2. பஹ்மியின் எண்ணில் சரி பாதி. இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பீப்பாயைத் தேடிப் போனேன். சனிக்கிழமையே முடிந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு சொட்டும் இல்லை. இனி என் கையில் இருப்பது படங்கள் மட்டும்தான்.

பத்து மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தேன். யன்னலுக்கு வெளியே உட்துறைமுகம். உள்ளே மனேச்சர் இராசதுரை, ஒரு மூலையில் பஹ்மி, நடுவில் கதிரை கொடுக்கப்படாமல் பல்கீஸ் ராத்தா. மேசையில் வேலைநீக்கக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"உங்களை ஆர் கூப்பிட்டது, பிரசாந்தினி?" என்றார் மனேச்சர்.

"ஒருத்தரும் கூப்பிடேல்லை, சேர். குளோரின்ர பலம் அஞ்சு வீதம்தான். பாதித் தண்ணியில கையைக் கழுவச் சொல்லிப்போட்டு, கை ஊத்தை எண்டு கடிதம் எழுதிறியளே?"

அவர் பஹ்மியின் தாளை என் பக்கம் தள்ளினார். "பத்து தசம் நாலு. உங்கட ஆய்வுகூடத்துத் தாள்தானே? உங்கட படத்தை வைச்சுத்தானே கணக்குப் போட்டது?"

"பஹ்மி, எப்பிடிப் போட்டனீங்கள்?"

பஹ்மி நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "முதல் படத்தில ஒண்டு தசம் ரெண்டு, மிஸ். மூண்டாம் படத்தில பதினாறு. வித்தியாசம் பதினாலு தசம் எட்டு. பிறகு பதினாறில இருந்து கடைசிப் படத்தில முப்பது தசம் அஞ்சு அஞ்சு. அது பதினாலரைக்குக் கொஞ்சம் மேல. சராசரி எடுத்தால் பத்து தசம் நாலு வீதம் வருது. லேபிளோட ஒத்துப் போச்சு."

"இடையில ரெண்டு படம் இருக்கே? எட்டு தசம் ஏழு, இருபத்துமூண்டு தசம் ரெண்டு அஞ்சு?"

"முடிவு வரக் கிட்ட மாப்பொருள் விடுவமே, அந்த இடத்தில எடுத்த படமெண்டு நினைச்சன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அளவி என்பது நீட்டுக் கண்ணாடிக் குழாய். மேலே பூச்சியம், கீழே ஐம்பது. கரைசல் இறங்க இறங்க எண் கூடும். ஒரு முறைக்கு ஏழு மில்லிலீற்றர்தான் போகிறது என்றால் ஒவ்வொரு முறையும் நிரப்புவானேன்? ஒன்று முடிந்த இடத்திலேயே அடுத்ததைத் தொடங்கினேன். நான்கு முறைக்கு ஐந்து படம். குளோரின் சரி பாதியாக இருந்ததால், நடுவில் ஒரு படத்தைத் தாண்டிப் போனால் இரண்டு அரை சேர்ந்து ஒரு முழுசாகிவிடும். லேபிளோடு ஒத்துப்போன எண்ணைப் பஹ்மி மறுபடி பார்க்கவில்லை. ஒத்துப்போகாத எண்ணைத்தான் மனிதர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

"அது ரெண்டு முறை இல்லை, நாலு முறை," என்றேன். "ஏழு தசம் அஞ்சு. அது முதல் முறை, கொஞ்சம் கூட விட்டுட்டன், அதை விடுங்கோ. மற்றது ஏழு தசம் மூண்டு, ஏழு தசம் ரெண்டு அஞ்சு, ஏழு தசம் மூண்டு. மூண்டும் ஒண்டுக்கொண்டு எவ்வளவு கிட்ட நிக்குது பாருங்கோ. உங்கட ரெண்டுக்கும் இடையில கால் மில்லிலீற்றர் இடைவெளி. அப்பிடி வந்தால் நான் திரும்பச் செய்யாமல் விடுவனா?"

மனேச்சர் கதிரையில் சாய்ந்தார். "அது நீங்கள் சொல்லுறது. பஹ்மி சொல்லுறது வேற. பீப்பாயும் இல்லை. எண்ணை எப்பிடியும் கூட்டிக் கழிக்கலாம். கொழும்பு ஒப்பீசுக்கு நான் இண்டைக்கு ஆரோ ஒராளின்ர பெயரைச் சொல்ல வேணும்."

ஆரோ ஒராள்! இந்தப் பீப்பாய்கள் மூன்று மாதமாக முற்றத்து வெயிலில் கிடந்தவை. களஞ்சியத்தைக் காட்போட் பெட்டிகளால் நிரப்பியது இவர். வெயிலில் வைத்தால் குளோரின் பலம் இறங்கிவிடும் என்று நான் இரண்டு கடிதம் எழுதினேன். அதற்கு ஆரின் பெயரைச் சொல்வது?

நான் கத்தவில்லை. போனைச் சுவரிலிருந்த டீவியோடு இணைத்தேன். ஐந்து படங்களும் பெரிதாக வந்தன. என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வலக்கையில் போனைப் பிடித்து அளவியைப் படமெடுக்கும்போது, இடக்கையில் குளோரின் உள்ள குடுவையைத் தூக்கி அளவிக்குப் பக்கத்தில் பிடிப்பேன். எந்த நிறத்தில் இருக்கும்போது எடுத்த படமென்று பிறகு குழம்பக்கூடாது என்பதற்காக. பஹ்மி போனின் சின்னத் திரையில் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். குடுவையைப் பார்க்கவில்லை.

"ராத்தா, நீங்களும் பாருங்கோ, இது உங்கட விசயம்," என்றேன். "குளோரினுக்குள்ள மருந்து விட்டால் மண்ணிறமா மாறும். முதல் படத்தில குடுவை மண்ணிறம், தெரியுதா? மேலயிருந்து சொட்டுச் சொட்டா விட விட மஞ்சளாகும். மஞ்சள் வெளிறினதும் மாப்பொருள் விடுவம், கருநீலமாகும். இன்னும் விட்டால் ஒரு சொட்டில நிறம் முழுக்கப் போயிடும். தண்ணி மாதிரி. அதுதான் முடிவு."

பல்கீஸ் ராத்தா டீவிக்குக் கிட்டப் போனார். வெளுத்த விரலால் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது. பிறகு பஹ்மியைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அந்த மா விட்ட நேரத்தில இது மஞ்சளா இரிக்கணும், இல்லாட்டி நீலமா இரிக்கணும். அப்பிடித்தானே?"

"ஓம், ராத்தா."

"இது நாலும் தண்ணிதானே? ஒரு வேலை எத்தின தரம் முடியும், தம்பி?"

பஹ்மி எழுந்து போய் இரண்டாவது படத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. மேசைக்கு வந்து, தன் தாளில் 10.4 ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 5.2 என்று எழுதித் தன் பெயரையும் போட்டார்.

"பிழை என்னுடையது, சேர். நாலு முறைதான்," என்றார்.

மனேச்சர் கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். "சரி, சரி. பல்கீஸ், நீங்கள் போய் வேலையைத் தொடங்குங்கோ. இதை இத்தோட விட்டிடுவம்."

"விட ஏலாது, சேர்," என்றார் பல்கீஸ் ராத்தா. குரல் உயரவில்லை. "எண்ட கை ஊத்தை எண்டு வாசல்ல எழுதினீங்க. கிண்ணியாவுல இருந்து வாற அவ்வளவு பேரும் வாசிச்சாங்க. இந்த அஞ்சு தசம் ரெண்டையும் அதே இடத்தில எழுதுங்க."

"அதெல்லாம் தேவையில்லை."

"அப்ப அந்தக் கடிதத்தைத் தாங்க. நான் அதைக் கொண்டு எங்க போகணுமோ அங்க போறன். மிஸ் படம் தருவாங்க."

"தருவன்," என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மனேச்சர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பஹ்மியாவது தலையைக் குனிவார் என்று எதிர்பார்த்திருப்பார். குனியவில்லை. கடைசியில் அவரே வாசலுக்கு வந்து பழைய அறிவித்தலைக் கிழித்தார். அந்த இடத்தில் நான் எழுதினேன்: "குளோரின் 5.2 வீதம். இருக்க வேண்டியது 10. மேசை நான்கின் கையில் பிழை இல்லை." கீழே அவர் கையெழுத்துப் போட்டார். பேனை எழுதவில்லை என்றார். என்னுடையதைக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு, நான் சோதிக்கும் முன்பே, அதே முற்றத்திலிருந்து புதுப் பீப்பாய் திறந்து தொட்டியை நிரப்பினார்கள். உரிக்கும் மண்டபத்துக்கு நான் போனபோது இறால் மேசைகளில் வந்து குவிந்திருந்தது. ஆனால் ஒருவரும் தொடவில்லை. பன்னிரண்டு பெண்களும் தொட்டியைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளர் கத்திக் கத்திக் களைத்துப்போயிருந்தார்.

முன்னால் நின்றது பல்கீஸ் ராத்தா. "மிஸ், இது எத்தின?" என்று தொட்டியைக் காட்டினார். "எண்ணைச் சொல்லுங்க. பிறகு கை வைக்கிறம்."

நான் அந்தப் பீப்பாயில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். இந்த முறை பஹ்மி குடுவையைப் பிடித்தார், நான் படமெடுத்தேன்.