ஒட்டிவைத்த எழுத்துகள்

கம்ப்யூட்டரில் அடிக்க முடியாத எழுத்து என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் குற்றம் எழுத்தினுடையதே தவிர கம்ப்யூட்டருடையது அல்ல. இது ராஜ்குமாரின் சித்தாந்தம். தஞ்சாவூர் கீழவாசலில் மீரா உசேன் பாயின் அச்சகத்தில் டிசைன் பார்க்கிறவன் அவன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்வின் எல்லாக் கட்டங்களையும் ஏ-ஃபோர் தாளில் அடக்கியவனுக்கு இந்த அளவு கூடச் சித்தாந்தம் இருக்கக் கூடாதா?

மாலை உருது வகுப்பு நடத்தும் ஷிஃபா டீச்சர், பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்காகக் கையால் எழுதிய மாதிரித் தாள்களோடு வந்தபோதும் அவன் இதைத்தான் சொன்னான். டீச்சர் காதில் வாங்கவில்லை. கவுண்டர் மேல் தாளை விரித்து, தான் வைத்த புள்ளிக்கோட்டின் மேலேயே பென்சிலை மெல்ல ஓட்டிச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்.

“என்ன டீச்சர், நீங்களே புள்ளி மேல பென்சில் ஓட்டுறீங்க? அது எல்கேஜி பிள்ளைங்க வேலையாச்சே!”

“எனக்குத் தப்பினா எல்கேஜி பிள்ளைக்கும் தப்பும். ராஜ்குமார், இங்க பாருங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் தனியா நின்னா ஒரு உருவம். சொல்லுக்கு முதல்ல, நடுவுல, கடைசியில வந்தா வேற வேற உருவம்.”

“ஒரே ஆளுக்கு இத்தனை வேஷமா? எங்க ஊர் கவுன்சிலரே ரெண்டோட நிறுத்திக்கிட்டாரு.”

“சிரிங்க. ஆனா அச்சடிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தாள் காட்டிடுங்க.”

மறுநாள் டீச்சர் தம்பி கல்யாணத்துக்காகக் கூத்தாநல்லூர் போய்விட்டார். ராஜ்குமார் யாருக்கும் எதையும் காட்டவில்லை. டீச்சரின் தாளில் இருந்த எழுத்து வரிசையைப் பார்த்து, கடையிலிருந்த பழைய மென்பொருளில் உருதுவை அடித்தால், எழுத்துகள் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக வந்து நின்றன. அவன் அசரவில்லை. மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்து வலமிருந்து இடமாக வரிசைப்படுத்தினான்; இடைவெளியைக் குறைத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தான். டீச்சரின் மாதிரியில் சில எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை இடைவெளி தெரிந்தது. பாவம், கையெழுத்து, அப்படித்தான் இருக்கும் என்று இரக்கப்பட்டு அவற்றையும் ஒட்டினான். தாள்கள் அச்சாகி, வகுப்புக் கமிட்டி வழியாகப் பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரத்தில் முதலாளியின் போன் வந்தது.

“ராஜ்குமாரு, கடையிலேயே இரு. உருது வகுப்புக் கமிட்டி செக்ரட்டரி அல்லா பிச்சை பாய் வர்றாரு. அந்தத் தாள்ல என்னடா அடிச்சு வெச்ச?”

“ஏன் பாய்?”

“ஏன்னா? அவரு குரலே சரியில்ல. வேணும்னே பண்ணியிருக்கான்னு பேசிக்கிறாங்களாம். நான் கும்பகோணத்துல இருக்கேன். நீ வாயத் திறக்காத.”

போன் வைக்கப்பட்டது. ‘வேணும்னே’ என்ற சொல் மட்டும் கடைக்குள் நின்றுகொண்டது.

கீழவாசலில் ‘வேணும்னே’ என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஏறும்; ராத்திரிக்குள் ராஜ்குமாரின் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயரோடு அவன் சொந்த ஊரான மன்னார்குடிக்கே போய்ச் சேரும். அதன்பிறகு அவனை ஆதரிக்கிறேன் என்று நெற்றியில் பட்டையோடு நாலு பேர் வருவார்கள். எதிர்க்க வருகிறவர்களைவிட அவர்களை நினைத்தால்தான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தாளை எடுத்துப் பார்த்தான். கோடு, வளைவு, புள்ளி. இதில் என்ன சொல்லியிருக்கிறோம்? யாரையாவது திட்டியிருக்கிறோமா? தன் கையால் செய்ததையே தன்னால் படிக்க முடியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. குர்ஆனுக்கும் இதே எழுத்து என்பதால், இது இருக்கிற தாள் எதுவானாலும் குப்பையில் போடக் கூடாது, தனிப் பையில் சேர்க்க வேண்டும், பிறகு ஆற்றில் விடுவார்கள் என்பது முதலாளியின் கட்டளை. மசி கலங்கிய தாள்களை ராஜ்குமார் எதிரே பஜ்ஜிக்கடை வைத்திருக்கும் பக்கிரியிடம் அல்லவா கொடுத்திருந்தான்!

ஓடினான். பக்கிரி ஒரு தாளைக் கிழித்து வாழைக்காய் பஜ்ஜியை அதில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே! அதக் குடுங்க. எல்லாத்தையும் குடுங்க.”

“எதுக்குடா? பஜ்ஜியா, பேப்பரா?”

“ரெண்டும்!”

எண்ணெய் ஊறிய தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பியபோது, கடை வாசலில் அல்லா பிச்சை நின்றிருந்தார். பின்னால் ஷிஃபா டீச்சர். முகத்தில் கல்யாணக் களை துளியும் இல்லை.

“அது என்ன தம்பி கையில?” என்றார் அல்லா பிச்சை.

எண்ணெய் அவன் சட்டை வழியாகத் தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

“பஜ்ஜி மடிக்கவா குடுத்தே?” அவர் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். “எழுத்தையும் கொலை பண்ணி, பஜ்ஜியும் மடிச்சாச்சு. நேரா சொல்லு. வேணும்னு செஞ்சியா?”

தெருவில் இரண்டு பைக்குகள் நின்றன. வெயிலுக்குத்தான் நின்றார்களோ என்னவோ. ராஜ்குமார் தாள்களை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஷிஃபா டீச்சர் அந்த எண்ணெய்த் தாள்களில் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து எழுத்தாக விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையிலேயே தன் கதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது.

“மாமா, இது வேணும்னு செஞ்சதில்ல.”

“எப்படிச் சொல்றே?”

“வேணும்னு கெடுக்கணும்னா முதல்ல எழுத்து தெரியணும். இவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பாருங்க, பேங்கிற இந்த எழுத்து தனியா நின்னாத்தான் இப்படி முழுப் படகா இருக்கும். சொல்லுக்கு முதல்ல வந்தா வாலை விட்டுட்டு ஒரு பல்லா சுருங்கிடும், கீழே புள்ளி மட்டும். இவர் எல்லாத்தையும் முழுசாவே ஒட்டிட்டார். தால்ங்கிற எழுத்துக்கு அடுத்த எழுத்தோட சேரவே தெரியாது. அதையும் கட்டிப் போட்டிருக்கார். ஒரு இடத்துலகூட சரியா இல்ல. தெரிஞ்சவன் செஞ்சா எங்கயாவது ஒரு இடம் சரியா வந்திருக்கும்.”

வாழ்க்கையில் தன்னை யாரும் இவ்வளவு கேவலமாகப் பாராட்டியதில்லை என்று ராஜ்குமாருக்குத் தோன்றியது. கண் கலங்கியது; பயத்தில்தான்.

அல்லா பிச்சை வாசலைப் பார்த்தார். பைக்குகள் கிளம்பிவிட்டிருந்தன. “மீரா உசேன்கிட்ட நான் பேசுறேன்,” என்றார் கடைசியில். “ஆனா பிள்ளைங்க ஒரு வாரமா இதைப் பார்த்துல்ல எழுதியிருக்கு. என் பேத்தி ஒவ்வொரு எழுத்தையும் முழுசா வரைஞ்சு கோத்து வெச்சிருக்கா, ரயில்பெட்டி மாதிரி. அதை எப்படி மறக்கடிக்கிறது?”

ராஜ்குமாருக்கு இதுவரை இருந்தது பயம். இது வேறு; கொஞ்சம் கீழே, நெஞ்சுப் பக்கம் வலித்தது.

“நான் திரும்பக் கையால எழுதித் தர்றேன். அதை அப்படியே ஸ்கேன் பண்ணுங்க,” என்றார் டீச்சர். “கோடு, கட்டம், தலைப்பு மட்டும் நீங்க போடுங்க. எழுத்துல கை வைக்காதீங்க. நாளைக்குத் தாள் காட்டுவீங்களா?”

“காட்டுறேன் டீச்சர். பத்துத் தடவ காட்டுறேன்.”

அவர்கள் போனபின் எண்ணெய்த் தாள்களை முதலாளியின் தனிப் பையில் வைத்தான். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினான். டீச்சர் முதலில் கொடுத்த மாதிரித் தாளில், யாரும் பென்சில் ஓட்டாத ஒரு வரி இருந்தது. ‘பதன்’ என்று மேலே தமிழில் குறித்திருந்தார். உடம்பு என்று பொருளும்.

தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு பென்சிலை எடுத்தான். வலப்பக்கம் தொடங்கினான். பே ஒரு சின்னப் பல். அதிலிருந்து ஏறி, வளைந்து, தால். அங்கே புள்ளிக்கோடு நின்றுவிட்டது. பென்சிலைத் தூக்கினான். கொஞ்சம் தள்ளி வைத்து, கடைசி எழுத்தான நூனின் கிண்ணத்தை முழுசாக வரைந்தான். கடைசியாகப் புள்ளிகள்: கீழே ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று.

கோணலாக இருந்தது. அடுத்த வரிக்குப் போனான்.