தாமரையின் பத்து விநாடி

உஷாந்தி கல்யாண வீடியோவுக்கான வெட்டுக் குறிப்பை எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்திருந்தாள். மணப்பெண்ணின் தாய் இரத்தினம்மா அனுப்பிய பதினொரு குரல் பதிவுகளையும் கேட்டுக் கேட்டு, ஏழு இடங்களில் எதை எத்தனையாவது விநாடியில் வெட்ட வேண்டும் என்று வரிசைப்படுத்தியிருந்தாள். தாலி கட்டும் இடம் ஆறுதலாக ஓடட்டும், ஊர்வலம் வேகமாக. காட்சிகளுக்கு இடையில் நட்சத்திரம் பறக்க வேண்டாம், நேர்வெட்டே போதும். எம்பி4, 1920க்கு 1080, பென்டிரைவில். மூன்று நிமிடப் படம். அன்று மாலை ஆறு மணிக்கு வரவேற்பு மண்டபத் திரையில் ஓட வேண்டும்.

பதினொரு மணிக்கு இரத்மலானையிலிருந்து படத்தொகுப்பாளன் புவாத் வெட்டி அனுப்பினான். வெள்ளவத்தை ஸ்டூடியோவில் உஷாந்தி அதைப் போட்டுப் பார்த்தாள். வெட்டச் சொல்லியிருந்த, கொட்டாவி விடும் மாமா அப்படியே இருந்தார். தாலி கட்டுகையில் மணப்பெண் கண் கலங்கியதைக் காணவில்லை. உடனே அவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"புவாத், நான் தமிழிலதானே எழுதினனான்? மாமாவை வெட்டச் சொன்னால் தாலியை வெட்டி வைச்சிருக்கிறீங்கள்!"

"மிஸ், நீங்க எழுதின நேரத்துலதான் கை வெச்சேன். ஒண்டு பன்னிரண்டுல இருந்து ஒண்டு இருபது. அங்க தாலிதான் இருந்திச்சு. ஐயோ, இது கல்யாணமா கலாட்டாவாண்டு நானும் யோசிச்சேன்."

"யோசிச்சனீங்கள், ஒரு போன் கோல் எடுக்கேல்லையே?"

"நீங்கதான் 'குறிப்பில் உள்ளபடி மட்டும்'டு கோடு போட்டு எழுதியிருக்கீங்க."

உஷாந்தி தன் பிரதியைத் திறந்தாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் மாமா வாயைப் பிளந்தார். இரத்தினம்மாவுக்குக் காட்டவென்று ஸ்டூடியோவின் தாமரைச் சின்னத்தை அந்தப் பிரதியின் முன்னால் ஒட்டியவள் உஷாந்தியேதான். பத்து விநாடி. புவாத்தின் கணினியில் தாமரை இல்லை. ஏழு வெட்டும் பத்து விநாடி தள்ளி விழுந்திருந்தன.

"பிழை என்னிலதான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. நேரத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் தொடங்கும் காட்சியையும் முடியும் காட்சியையும் எழுதி அனுப்பினாள்: 'மாமா வாய் திறக்க முன்னம் தொடங்கி, குத்துவிளக்கு தெரியும் வரை'.

மூன்று மணிக்குத் திருத்திய படம் வந்தது. தாலி இருந்தது, கண்ணீரும் இருந்தது, மாமா போயிருந்தார். இரத்தினம்மாவுக்கு அனுப்பிவிட்டு உஷாந்தி ஆறிப்போன தேநீரை எடுத்தாள். தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, நல்லா வந்திருக்கு. ஆனா முன்னுக்கு வந்த அந்தத் தாமரை எங்க? மங்களமான காரியம், அதைப் போய் வெட்டிப்போட்டீங்களே!"

உஷாந்தி தேநீரைக் கீழே வைத்தாள். மணி மூன்றே கால். புவாத்துக்குப் புதிய குறிப்பு எழுதத் தொடங்கினாள். முதல் வரி: 'தாமரையை முன்னால் ஒட்டவும். வேறொன்றிலும் கை வைக்க வேண்டாம். சந்தேகமென்றால் கோல் எடுக்கவும்.'