கிணற்றுக்கு ஒரு கையெழுத்து

தொம்மென்ற சத்தத்தில் தரையே ஒருமுறை குலுங்கியது. ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் பலகைக்கு முட்டு சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த இஞ்சினியர் நாகஜோதி, கையிலிருந்த டீயை அப்படியே சுவரில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ஒரு ஜேசிபி நின்றது. அதன் இரும்புக் கை கிணற்றுச் சுவரின் மேல் இருந்தது. சுவரின் ஒரு மூலை பெயர்ந்து கீழே கிடந்தது.

"நிறுத்துய்யா! யாருய்யா உன்னைய வரச் சொன்னது?"

டிரைவர் கருத்தக்கண்ணன் எஞ்சினை அணைக்காமலே எட்டிப் பார்த்தான். "ஓனருதான்க்கா. கிணத்த மூடணும், எட்டு மணிக்கெல்லாம் வந்துருன்னாரு. மண்ணு லோடும் பின்னாடி வந்துக்கிட்டு இருக்கு."

"எஞ்சின அணை மொதல்ல."

"வாடகை ஓடுமேக்கா."

"ஓடட்டும். அணைன்னு சொன்னேன்ல."

அவன் அணைத்தான். அந்த அமைதியில், பெயர்ந்த மூலையிலிருந்து சரிந்த கல் ஒன்று தண்ணீரைத் தொட்ட சத்தம் தாமதமாகக் கேட்டது.

நாகஜோதி கிணற்று ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தாள். நாற்பது அடிக்குக் குறையாது. அடியில் கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் பாசி. இரண்டு நாளாக இந்தக் கிணறுதான் அவள் தலைக்குள் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், அவள் கட்டிக்கொண்டிருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரர் ராஜபாண்டி வந்திருந்தார். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை கார் வாங்கப் போறாராம்மா. இந்தக் கிணத்த மூடிட்டு முன்னால ஒரு போர்டிகோ இழுத்துரு" என்றார். ஒப்பந்தத்திலும் வரைபடத்திலும் போர்டிகோவே கிடையாது. "செய்யலாம்ணே. கூடுதல் வேலைக்கு ஒரு ஒப்புதல் தாள் குடுத்து விடுறேன், கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஆரம்பிச்சிருவோம்" என்றாள். "அதுக்கென்னம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள் அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரவில்லை. ஜேசிபிதான் வந்திருக்கிறது.

இந்தத் தாள் பழக்கத்தை அவள் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை. போன வருடம் விளாங்குடியில் ஒரு வீட்டுக்காரர், "அந்தக் காம்பவுண்டு சுவத்த எடுத்துட்டுப் புதுசா கட்டுங்க மேடம்" என்று போனில் சொன்னார். எடுத்தாள். சுவரில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. போலீஸ் ஸ்டேஷனில் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்" என்றார். சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்த முதல் வருடம் அது. அதற்கப்புறம் ஏழு மாதம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதன்பின் கிடைத்த முதல் வீடு இந்த ராஜபாண்டியின் வீடு. இதுவும் பாதியில் நின்றால், மறுபடியும் யாராவது ஒரு பெரிய இஞ்சினியரிடம் சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

"கண்ணா, நான் போயிட்டு வாரேன். அதுக்குள்ள லோடு வந்தா வெளியிலயே நிக்கட்டும். ஒரு கல்லு உள்ள விழக்கூடாது."

"எம்புட்டு நேரமாகும்க்கா?"

"தெரியலைய்யா."

அது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மார்க்கெட்டில் காலை வியாபாரம் அடங்கிக்கொண்டிருந்தது. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ராஜபாண்டி மின்விசிறிக்குக் கீழே வெற்று மேலோடு உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணக்கு எழுதும் பரீத்.

"வாம்மா, வாம்மா. பரீத்து, டீ சொல்லு."

"டீ வேணாம்ணே. ஜேசிபி வந்து நிக்குது."

"அதான் நிக்குதே, வேலையப் பாக்க வேண்டியதுதானே?"

"நேத்து அனுப்பின தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே. உடனே பாத்துருவோம்."

அவர் சிரித்தார். "பரீத்து, இந்த அம்மாவுக்குச் சொல்லு. நம்ம கடையில எத்தனை வருசமா லோடு எறங்குது? எவன்கிட்டயாச்சும் கையெழுத்து வாங்கியிருக்கமா?"

"இல்ல முதலாளி."

"சோழவந்தான்ல இருந்து வெத்தலக்காரன் போன்ல ஒரு வார்த்தை சொல்றான், லோடு வந்துருது. நான் ஒரு வார்த்தை சொல்றேன், பணம் போயிருது. வாய்தாம்மா எல்லாம். எம்மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?"

"நம்பிக்கை இல்லைன்னா உங்க வீட்ட எடுத்திருப்பனாண்ணே? வெத்தல வரலைன்னா நாளைக்கு வாங்கிக்கலாம். கிணத்த மூடிட்டா மூடினதுதான். மறுபடி தோண்ட முடியாது."

"முதலாளி கல்யாணத்தன்னைக்கே ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட அரை மணி நேரம் யோசிச்சாராம்மா" என்றார் பரீத். "வீட்ல அக்கா இன்னிக்கும் சொல்லிக் காட்டும்."

"எலே, கணக்கப் பாருடா" என்றார் ராஜபாண்டி. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது.

நாகஜோதி தாளின் இன்னொரு பிரதியைப் பையிலிருந்து எடுத்து, பேனாவோடு மேஜைமேல் வைத்தாள். ராஜபாண்டி தாளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்குத் திங்கக்கெழம. ஏழரை ஒம்போது ராகு காலம். ராகு காலத்துல நான் கையெழுத்து வைக்கிறதில்லம்மா. நீ போயி ஆரம்பி. ஒம்போதுக்கு மேல போட்டுக் குடுத்து விடுறேன்."

"அதுக்கென்னண்ணே, இன்னும் கால்மணி நேரந்தானே. இருந்து வாங்கிட்டே போறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜேசிபியை எட்டு மணிக்கு வரச் சொன்னதும் இவர்தான். கையெழுத்துக்கு ஆகாத நேரம் இடிக்க மட்டும் ஆகுமா? டீ வந்தது. குடித்தாள். கருத்தக்கண்ணன் போன் செய்தான்.

"அக்கா, லோடு வந்துருச்சு. டிரைவர் கொட்டிட்டுப் போறேங்கிறாரு."

"ரோட்டோரமா நிக்கச் சொல்லு."

"திட்டுறாருக்கா."

"என்னையத்தானே? திட்டட்டும்."

ஒன்பது அடித்தது. ராஜபாண்டி பேனாவை எடுக்கவில்லை. "கண்ணாடி வீட்ல இருக்கும்மா" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. சட்டை பின்னால் ஆணியில் தொங்கியது. பரீத் கண்ணாடியை எடுத்து நீட்டினார்; ராஜபாண்டி மாட்டிக்கொண்டார். "பரீத்தே போடட்டுமே, நம்ம கடை ஆள்தானே" என்றார். வீட்டுக்காரர்தான் போட வேண்டும் என்றாள் நாகஜோதி. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. முதுகு வலித்தது. ஸ்டூலில் சாய்வதற்கு இடமில்லை.

"சரி, இப்பப் பாரு" என்று ராஜபாண்டி போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார். "இஞ்சினியரம்மா, சனிக்கெழம பேசுனபடி வேலையப் பாத்துக்கங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க." அனுப்பினார். அவள் போன் சிணுங்கியது. "வாட்ஸப்புல வந்துருச்சுல்ல? எங்குரல்தானே? இதவிட என்னம்மா சாட்சி?"

அவள் அதைப் போட்டுக் கேட்டாள். மறுபடியும் போட்டுக் கேட்டாள்.

"அண்ணே, இதுல கிணறுங்கிற வார்த்தையே இல்லையே."

"பேசுனபடின்னு சொல்லியிருக்கேன்ல?"

"எனக்கு எது சரின்னு படுதோன்னும் சொல்லியிருக்கீங்க. 'கிணத்த மூடச் சொன்னது நாந்தான்'னு இன்னொரு தடவ பேசி அனுப்புங்கண்ணே. இப்போதைக்கு அதையே வச்சுக்கிறேன்."

ராஜபாண்டியின் முகம் மாறியது. "என்னம்மா, ஸ்டேசன்ல வச்சு வாக்குமூலம் வாங்குற மாதிரி பேசுற? மதுரையில இஞ்சினியருக்கா பஞ்சம்? நான் வேற ஆள வச்சு மூடிக்கிறேன் போ."

இதற்குத்தான் அவள் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். சொல்லியே விட்டார். பரீத் எழுதுவதை நிறுத்தியிருந்தார். வெளியே யாரோ வெங்காய மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினார்கள். ஏழு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. தாளை எடுத்து மடிக்கலாமா, இல்லை கும்பிட்டுவிட்டுப் போய் மண்ணைக் கொட்டச் சொல்லலாமா என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.

"வச்சுக்கங்கண்ணே" என்றாள். குரலில் சத்தமில்லை. "வர்ற ஆள்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. வெறும் மண்ண மட்டும் கொட்டினா ரெண்டு மழையில அமுங்கிரும். தண்ணிய எறச்சிட்டு, கல்லும் மணலுமா அடுக்கடுக்காப் போட்டு, தண்ணி விட்டு இறுக்கணும். போர்டிகோ தூணை அதுமேல நிறுத்தக்கூடாது, தள்ளி நிறுத்தி மேல பீம் இழுத்துக்கணும். அத்தனையும் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன். நீங்க படிக்கவே இல்ல."

அவர் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"நான் படிக்கவாண்ணே?"

பதிலுக்குக் காத்திராமல் படித்தாள். வேலை என்ன, எத்தனை நாள் கூடும், என்ன செலவு, திருத்திய வரைபடத்தின் எண் என்ன என்று ஒவ்வொன்றாக. ராஜபாண்டி துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் இரண்டு வரி இருந்தது. விளாங்குடிக்கு அப்புறம் அவள் எல்லாத் தாளிலும் சேர்த்துக்கொண்டது.

"மேற்படி கிணற்றை மூடும் வேலை, உரிமையாளராகிய என் விருப்பத்தின் பேரில் செய்யப்படுகிறது. இந்தக் கிணற்றில் வேறு எவருக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

துண்டை மடித்த கை நின்றது.

"அந்தக் கடைசி வரிய எடுத்துரும்மா. போட்டுத் தாரேன்."

நாகஜோதி அவரைப் பார்த்தாள். பரீத் கணக்கு நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஒரே வார்த்தையில் லோடையும் பணத்தையும் புரட்டுகிற மனிதர். இந்த ஒரு வரியைக் கேட்டு ஏன் இப்படி வேர்க்கிறது?

"யாருக்குண்ணே பாத்தியம் இருக்கு?"

"யாருக்குமில்ல."

"அண்ணே."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அவர் துண்டை மேஜைமேல் போட்டார்.

"தங்கச்சி. தாமரைச்செல்வி. சமயநல்லூர்ல கட்டிக்குடுத்திருக்கு. பாகம் பிரிக்கயில அவ வயக்காட்டுல பங்கு வேணாம்னுட்டா. கிணத்துல பாதி மட்டும் எனக்குப் போதும்னா. எங்கய்யா கையால வெட்டுன கிணறு, அதுல எம்பேரும் இருக்கட்டும்னா. பத்திரத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கு."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா அழுவும்மா. வேணாம்னு சொல்லும். அதுக்கப்புறம் நான் எப்படி மூட?"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்தாள். "கண்ணா, வண்டியத் திருப்பு. லோடையும் அனுப்பிரு. உடஞ்ச அந்த மூலையப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டுக் கெளம்பு." பிறகு எழுந்து நின்றாள். "லிண்டல் வேலை பாக்கி இருக்குண்ணே. என்னைய வச்சு முடிக்கப் போறீங்களா, வேற ஆளா? சொல்லிருங்க, பையன்களுக்குச் சொல்லணும்."

"நீயே பாரும்மா." அவர் குரல் இறங்கியிருந்தது. "வீடு நல்லாத்தான் போகுது."

"அப்ப அந்தக் கிணத்துக்கு அவங்களும் வந்து கையெழுத்துப் போடணும்ணே. ரெண்டு பேரும் போட்டாத்தான் நான் தொடுவேன்." கிளம்பப் போனவள் நின்றாள். "ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. எங்கிட்டயே நேராச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு வாயாலயே சொல்லிக்கிட்டு, எழுத்துல சிக்காம இம்புட்டுப் பாடு?"

ராஜபாண்டி கண்ணாடியைக் கழற்றி, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"நானே மூடுனேன்னு தெரிஞ்சா அவ என் வீட்டுப் பக்கமே வர மாட்டாம்மா. இஞ்சினியரம்மா தெரியாம மூடிருச்சுன்னா, உன்னைய நாலு வார்த்தை வைஞ்சுட்டு, கிரகப்பிரவேசத்துக்கு வந்துருவா."